சங்கிலியா, கூடலா, ஒரே நீரா? ஒரு நிலவறைக்குள் மூன்று புதிர்களை இணைக்கும் வழிகள்

ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் அதன் பாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற மேசை ஆட்டங்களுக்கு நிலவறை வரைவது எளிது. நாலு அறை, இரண்டு நடை, ஒரு கதவு என்று கட்டம் போட்ட தாளில் அரை மணி நேரத்தில் வரைந்துவிடலாம். அந்த அறைகளில் வைக்கும் புதிர்களை ஒன்றோடொன்று எப்படி இணைப்பது என்பதுதான் கடினமான முடிவு. ஆட்டம் களைகட்டுவதும் சோர்ந்துபோவதும் பெரும்பாலும் அந்த முடிவைப் பொறுத்தே இருக்கிறது. இராமநாதபுரம் கரையில் வளர்ந்த நான்கு ஆட்டக்காரர்களுக்காக, ஒரே மாலையில், ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் முடிகிற நிலவறை ஒன்றை அமைக்கும்போது என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. மூன்றையும் ஒரே இடத்தின் மீது வைத்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும் என்பதால் முதலில் அந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கீழக்கரைக்கும் சேதுக்கரைக்கும் இடையே கற்பனையான ஒரு சிற்றூர். அங்கே எப்போதோ கைவிடப்பட்ட ஒரு சங்கு வியாபாரியின் கிட்டங்கி பாதி மணலுக்குள் புதைந்து கிடக்கிறது. சேதுபதிகள் காலத்திலிருந்தே மன்னார் வளைகுடாவில் சங்கு குளிப்பு பெரிய தொழில் என்பதால், இப்படி ஒரு கிட்டங்கி இருந்திருக்கும் என்று ஆட்டக்காரர்களை நம்பவைக்கத் தனியாகப் பாடுபட வேண்டியதில்லை. சுவர்கள் பவளப்பாறைக் கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆனவை. தரை கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்தது. உள்ளே முழங்கால் அளவு உப்பு நீர் நிற்கிறது. கடைசியில் பூட்டிய ஒரு கதவு. அதற்கப்பால் மணலடியில் தேங்கிய நன்னீர் ஊற்று ஒன்று இருப்பதாக ஊரில் பேச்சு.

புதிர்களும் மூன்றுதான். முதலாவது மடை. தரையில் இரண்டு கல் அடைப்புகள் இருக்கின்றன. ஒன்றைத் தூக்கினால் கடல் நீர் உள்ளே வரும், மற்றொன்றைத் தூக்கினால் உள்ளிருக்கும் நீர் அடியிலுள்ள ஒரு வறண்ட குழிக்குள் இறங்கும். கடலில் வளரும் கொட்டலசு என்ற ஓட்டு உயிரி ஒட்டிக் கிடக்கும் கல்தான் கடல் பக்கத்துக் கல் என்று பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

இரண்டாவது சங்கு மாடங்கள். தரையை ஒட்டிய வரிசையில் பன்னிரண்டு மாடங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சங்கு. அவற்றில் ஒன்றே ஒன்று வலம்புரி. அதன் பின்னால் கதவின் சாவி இருக்கிறது. இந்தப் புதிரில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சங்கின் சுருள் முனை மேலே இருக்கும்படி, வாய் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால் சாதாரண இடம்புரிச் சங்கின் வாய் வலப்பக்கம் இருக்கும், வலம்புரியின் வாய் இடப்பக்கம் இருக்கும். சுருள் முனையைக் கீழே திருப்பிப் பிடித்தாலோ பக்கம் மாறிவிடும். எந்தப் பக்கம் மேலே என்று சொல்லாமல் 'வாய் இடப்பக்கம் உள்ளது' என்று மட்டும் விவரித்தால், மேசையில் இருவர் ஒரு விடையும் மற்ற இருவர் நேரெதிர் விடையும் சொல்வார்கள். இரு தரப்பும் சரியாகவே யோசித்திருப்பார்கள். அதனால் வாயால் சொல்வதைவிட, பன்னிரண்டு சங்குகளையும் ஒரே நிலையில் வரைந்த தாளை மேசையில் வைத்துவிடுவது நல்லது.

மூன்றாவது காற்றுச் சாளரங்கள். சுவரின் உச்சியில், கை எட்டாத உயரத்தில், நான்கு திசைக்கும் நான்கு கல் சாளரங்கள். 'கச்சானில் போனவன் வாடையில் திரும்பினான்' என்று கீழே பொறித்திருக்கிறது. மேல்திசைச் சாளரத்தை முதலிலும் வடதிசைச் சாளரத்தை அடுத்தும் திறந்தால் கதவின் தாழ்ப்பாள் விலகும். பாய்மரக் கப்பல்கள் மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் வங்கக் கரைக்கும் பர்மாவுக்கும் போய், வடக்குக் காற்றான வாடையில் தெற்கே திரும்பிய வழக்கத்தை ஒட்டியது இது. கடற்கரையில் வளர்ந்தவர்களுக்குக் கச்சானும் வாடையும் சோழகமும் கொண்டலும் அன்றாடப் பேச்சு. மதுரையிலிருந்து வந்து அமரும் ஆட்டக்காரருக்கு அப்படியில்லை. ஆகவே இந்த ஒரு விடைக்கு மூன்று துப்புகளாவது வேண்டும். கல்லில் பொறித்த வரி ஒன்று. ஒவ்வொரு சாளரத்தின் கீழும் பாய் புடைத்த படகின் செதுக்கல் ஒன்று. கிட்டங்கிக்குள் நுழையும் முன் கரையில் வலை பழுதுபார்க்கும் பெரியவர், 'கச்சான் அடிக்கிறது, மேற்கே முகம் காட்டாதீர்கள்' என்று சொல்வது இன்னொன்று. எந்த முடிவுக்கும் மூன்று துப்பு வைக்க வேண்டும் என்பது ஆட்டம் நடத்துபவர்களிடையே பரவலாகப் பின்பற்றப்படும் விதி. ஒன்றைக் கவனிக்காமல் விடுவார்கள், ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது கைகொடுக்கும்.

இனி இணைப்பு.

சங்கிலி

முதல் வழியில் மடையைத் திறந்தால்தான் சங்கு மாடம் தெரியும். சங்கு மாடத்தில் கிடைக்கும் பொருள் இருந்தால்தான் சாளரத்துக்கு ஏற முடியும். சாளரம் திறந்தால்தான் கதவு. எழுத மிகவும் எளியது இதுதான். அடுத்து என்ன நடக்கும் என்று நடத்துபவருக்கு எப்போதும் தெரியும். கதையும் ஒழுங்காகப் படிப்படியாக ஏறும்.

ஆனால் சங்கிலி ஒரு கண்ணியில் அறுந்தாலும் முழுவதும் நின்றுவிடுகிறது. ஒரு புதிரை உங்கள் குழு வெளி உதவி இல்லாமல் இருபது நிமிடத்துக்குள் அவிழ்க்கும் வாய்ப்பு பத்துக்கு ஏழு என்று வைத்துக்கொள்வோம். இது தாராளமான கணக்குதான். மூன்றும் அடுத்தடுத்து அவிழ வேண்டுமானால் வாய்ப்பு 0.7 × 0.7 × 0.7, அதாவது ஏறத்தாழ 34 சதவீதம். மூன்றில் இரண்டு மாலைகளில் எங்கோ ஓரிடத்தில் ஆட்டம் நின்றுபோகும். அப்போது நடத்துபவர் ஒரு பகடையை உருட்டச் சொல்லி, எந்த எண் விழுந்தாலும் விடையைச் சொல்லிவிடுவார். ஆட்டக்காரர்களுக்கு அது தெரிந்துவிடும். அதன்பின் அவர்கள் அடுத்த புதிரை யோசிக்க மாட்டார்கள், பகடையைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

இன்னொரு குறை மேசையிலேயே கண்ணுக்குத் தெரியும். சங்கிலியில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதிர்தான் திறந்திருக்கும். நான்கு பேரில் புதிர்களில் ஆர்வமுள்ள ஒருவர் முன்னால் சாய்வார், மற்ற மூவர் பின்னால் சாய்வார்கள். அலைபேசி மேசைக்கு மேலே வரும் நேரம் அதுதான்.

கூடல்

இரண்டாவது வழியில் மூன்று புதிர்களும் தொடக்கத்திலிருந்தே திறந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் கதவின் மூன்று குறுக்குக் கட்டைகளில் ஒன்றை விலக்குகிறது. இரண்டு விலகினாலே ஒல்லியான ஒருவர் நுழைந்துவிடலாம். மூன்றும் விலகினால் கதவு முழுதாகத் திறக்கும்.

அதே பத்துக்கு ஏழு கணக்கைப் போட்டால், மூன்றில் குறைந்தது இரண்டு அவிழும் வாய்ப்பு ஏறத்தாழ 78 சதவீதம். புதிர்கள் அவையே, ஆட்டக்காரர்கள் அவர்களே. இணைப்பை மாற்றியதால் மட்டுமே 34 என்பது 78 ஆகிறது. ஒரு புதிரில் முட்டிக்கொண்டவர்கள் எழுந்து அடுத்ததுக்குப் போகலாம். இருவர் சங்கு தேட, இருவர் சாளரத்தைப் பார்க்கலாம். அலைபேசி கீழேயே இருக்கும்.

புதிய குழுவுக்கு, ஒருவரையொருவர் அதிகம் தெரியாத ஆட்டக்காரர்களுக்கு, இந்த வழியையே தயங்காமல் சொல்வேன். ஆனாலும் இதில் எனக்கு ஒரு குறை படுகிறது. மூன்று புதிர்களும் ஒன்றையொன்று அறியாமல் இருக்கின்றன. சங்கு மாடத்தில் செய்தது சாளரத்தை எந்த விதத்திலும் பாதிப்பதில்லை. கதவு மட்டுமே அவற்றைச் சேர்த்துவைக்கிறது. அந்தக் கிட்டங்கியை எடுத்துவிட்டு ஒரு மலைக்குகையை வைத்தாலும் ஆட்டம் அப்படியே ஓடும். இந்தக் கரையில் நடக்க வேண்டிய காரணமே அதற்கு இல்லை.

ஆபத்தும் அப்படியே ஒட்டாமல் நிற்கிறது. கூடல் அமைப்பில் நீர் ஏறுவதைச் சேர்த்தால் அது வெறும் கடிகாரமாகிவிடும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை 'நீர் இன்னும் ஒரு சாண் ஏறிவிட்டது' என்று நடத்துபவர் சொல்வார். அவ்வளவுதான்.

ஒரே நீர்

மூன்றாவது வழியில் புதிர்களை இணைப்பது நீரின் மட்டம். அதைப் பற்றிப் பேசுவதற்கு முன், நீரை ஆபத்தாக வைக்கும்போது வழக்கமாக எழும் இரண்டு சிக்கல்களைச் சொல்ல வேண்டும். அவை தீர்ந்தால்தான் இந்த வழி நிற்கும்.

ஒன்று, விதிகள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின்படி ஒரு பாத்திரம் ஒரு நிமிடத்தோடு தன் உடலுறுதி மதிப்பின் அளவு நிமிடங்களையும் கூட்டி மூச்சடக்கலாம். உடலுறுதி +2 என்றால் மூன்று நிமிடம். ஒரு சுற்று ஆறு வினாடி, ஆக முப்பது சுற்றுகள். சண்டைகள் பல ஐந்தாறு சுற்றில் முடிந்துவிடும் ஆட்டத்தில் முப்பது சுற்று என்பது முடிவில்லாத நேரம். நீரில் மூழ்கிச் சாவோம் என்ற அச்சம் எழவே எழாது. நீர் உயிரை எடுக்கும் என்று மிரட்டுவதைவிட, ஆட்டக்காரர்களுக்கு வேண்டிய வேறொன்றை எடுத்துக்கொள்ளும் என்று காட்டுவதே பயன் தரும்.

இரண்டு, இந்தக் கரையின் கடல். இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே கடல் மட்டம் ஒரு மீட்டருக்கும் குறைவாகவே மாறும். அதுவும் ஏறி முடிக்க ஆறு மணி நேரமாகும். கூரை வரை நீர் பொங்கும் காட்சியை உள்ளூர் ஆட்டக்காரர்கள் முன்னால் வைத்தால், பாம்பன் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை ஒருவர், 'அண்ணே, இந்தக் கரையில் கடல் அவ்வளவு ஏறாதே' என்று கேட்டுவிடுவார். அவர் சொல்வது சரி. வெளியே கடல் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதற்கு மேல் உள்ளே நீர் ஏற முடியாது. அதேபோல, கடலைவிடத் தாழ்ந்த அறையிலிருந்து நீர் கடலுக்குத் திரும்பி வடியவும் முடியாது. எங்கே போகும் அந்த நீர்?

இந்தக் கேள்விக்கு விடை தேடும்போதுதான் நிலவறை உருப்பெறுகிறது. நீர் போக ஒரே இடம் அந்த வறண்ட குழி. குழிக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. இப்போது கடிகாரமே தேவையில்லை. குழி நிரம்புவதுதான் கடிகாரம். அதை நிரப்புவது ஆட்டக்காரர்களின் கை.

மட்டங்களை நான்கு படிகளாக வைக்கிறேன்: கணுக்கால், முழங்கால், இடுப்பு, மார்பு. மேசையில் ஒரு காகித அளவுகோலும் ஒரு காசும் போதும். தொடக்கத்தில் காசு முழங்காலில் இருக்கும். சங்கு மாடங்கள் தரையை ஒட்டியவை, நீர் கணுக்காலுக்கு இறங்கினால்தான் அவற்றைப் பார்க்க முடியும். சாளரங்கள் உயரத்தில் இருப்பவை, நீர் இடுப்புக்கு ஏறினால்தான் மூலையில் கிடக்கும் பழைய வள்ளம் மிதக்கும், அதன்மேல் நின்று எட்டலாம். கடல் கல்லைத் தூக்கினால் வேண்டிய அளவு ஏற்றிக்கொள்ளலாம், வெளிக் கடல் நிற்கும் மார்பு மட்டம் வரைதான். குழிக் கல்லைத் தூக்கினால் ஒவ்வொரு படியாக இறங்கும், ஆனால் குழி மொத்தம் மூன்று படி நீரைத்தான் வாங்கும். தவறான சங்கை எடுத்தால் மாடத்தின் பின்னால் இருக்கும் துளை திறந்து ஒரு படி ஏறும். தவறான சாளரமும் அப்படியே.

கதவின் வாசற்படி முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில் இருக்கிறது. இடுப்பு மட்டத்தில் நீர் நிற்கும்போது கதவைத் திறந்தால் உப்பு நீர் வாசற்படியைத் தாண்டி நன்னீர் ஊற்றுக்குள் பாய்ந்துவிடும். நீர் எடுத்துக்கொள்ளும் பொருள் இதுதான்: ஆட்டக்காரர்கள் தேடி வந்த பரிசையே.

ஓடவிட்டுப் பார்ப்போம். குழு முதலில் ஒரு படி இறக்குகிறது. குழியில் ஒன்று. வலம்புரியைக் கண்டுபிடித்துச் சாவியை எடுக்கிறார்கள். பிறகு கடல் கல்லைத் தூக்கி இடுப்பு வரை ஏற்றுகிறார்கள், வள்ளம் மிதக்கிறது, மேற்கும் வடக்கும் திறக்கின்றன, தாழ்ப்பாள் விலகுகிறது. திரும்ப ஒரு படி இறக்குகிறார்கள். குழியில் இரண்டு. நீர் முழங்காலில் நிற்கிறது, வாசற்படிக்குக் கீழே. கதவைத் திறக்கிறார்கள். பிழை இல்லாமல் ஆடினால் குழியில் ஒரு படி இடம் மிச்சம். சாளரத்தை முதலில் முடித்துவிட்டுச் சங்குக்கு வந்தாலும் இரண்டு படிதான் செலவாகும். ஆக எந்த வரிசையில் தொடங்கினாலும் பாதகமில்லை. கூடலின் நல்ல குணம் இங்கேயும் இருக்கிறது.

ஒரு தவறான சங்கு எடுத்துவிட்டால்? கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு ஏறுகிறது, திரும்ப இறக்கக் குழியில் இரண்டாவது படி, கடைசியில் மூன்றாவது படி. குழி விளிம்பு வரை நிரம்பிவிட்டது, ஆனாலும் ஊற்றுக்குச் சேதமில்லை. இரண்டாவது பிழை செய்தால் இறக்க வழியில்லை. சாவியும் கையில், தாழ்ப்பாளும் விலகிவிட்டது, ஆனால் நீர் இடுப்பில். திறப்பதா வேண்டாமா என்று நான்கு பேரும் வாதிடுவார்கள். எனக்கு இந்த வடிவத்தில் மிகவும் பிடித்த நேரம் அதுதான், ஏனென்றால் அங்கே யாருக்கும் விடை தெரியாமல் இல்லை. விடை தெரிந்தும், அதற்கு என்ன விலை கொடுப்பது என்றே பேசிக்கொள்கிறார்கள்.

வாளி கொண்டு இறைப்போம் என்பார்கள். இறைக்கட்டும். வாசலில் மணல் மூட்டையால் வரப்பு கட்டுவோம் என்பார்கள். அது இன்னும் நல்ல யோசனை, அனுமதித்துவிடுங்கள். இறைப்புக்கு இரவு முழுவதும் ஆகும், விடிந்தால் கிட்டங்கிக்கு உரிமை கொண்டாடும் ஆட்கள் வந்துவிடுவார்கள் என்பது போதுமான செலவு.

இந்த வழி தவறிப்போகும் இடமும் உண்டு. ஆட்டக்காரர்களுக்கு நீர் மட்டத்தின் விதி சீக்கிரமே புரிய வேண்டும். புரியாவிட்டால் எல்லாமே தற்செயலாக நடப்பதுபோல் தோன்றும். அதனால் முதல் இறக்கத்தின் விளைவைக் கண்ணால் பார்க்க வைக்கலாம். குழிக்குள் எட்டிப் பார்த்தால் சுவரில் மூன்று கோடுகள் வெட்டியிருக்கும், நீர் முதல் கோட்டில் வந்து நிற்கும். கதவருகே வாசற்படியில் வெள்ளையாக உப்புப் பூத்த தடம் ஒரு பக்கம் மட்டும் இருக்கும், மறுபக்கத்தில் பாசி பச்சையாக இருக்கும். இந்த இரண்டும் இல்லாமல் இந்த வடிவத்தை ஆடக் கூடாது. முதல் அரை மணி நேரத்தில் யாராவது ஒருவர் 'இன்னும் எத்தனை கோடு மிச்சம்?' என்று கேட்டால் விதி புரிந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கேள்வி வரவில்லை என்றால் கரைப் பெரியவரை வாசலில் வந்து நிற்க வைத்துக் கேட்கச் செய்யுங்கள்.

பரிசு

பரிசு விஷயத்திலும் மூன்று தேர்வுகள் இருக்கின்றன, ஆனால் அவற்றில் இரண்டை விரைவாகக் கடந்துவிடலாம். பொற்காசு தாளில் ஓர் எண்ணாகப் போய்ச் சேர்ந்து அடுத்த ஆட்டத்தில் மறக்கப்படும். மந்திர வாள் ஒருவருக்குத்தான் கிடைக்கும், மற்ற மூவர் வாழ்த்திவிட்டுப் போவார்கள்.

ஊற்று அப்படியல்ல. தனுஷ்கோடி மணலில் கையால் தோண்டிய ஆழமில்லாத குழியில் குடிநீர் ஊறுவதை இந்தப் பக்கத்தவர்கள் பார்த்திருப்பார்கள். மணலுக்குள் இறங்கிய மழைநீர் உப்பு நீரைவிட இலேசானது, அதனால் அதன்மேல் ஒரு மெல்லிய படலமாக மிதக்கிறது. ஆழமாகத் தோண்டினாலோ அளவுக்கு மீறி இறைத்தாலோ அடியிலிருக்கும் உப்பு மேலே வந்துவிடும். ஆட்டத்தில் ஊற்றின் நிலைக்கு இதையே மூன்று தரமாக வைக்கலாம். முழங்கால் மட்டத்தில் கதவைத் திறந்திருந்தால் நன்னீர். இடுப்பில் திறந்திருந்தால் உவர்ப்பு, துவைக்கவும் கால்நடைக்கும் மட்டும் ஆகும், ஐப்பசி கார்த்திகை மழை வந்து ஊறினால்தான் தெளியும். மார்பில் திறந்திருந்தால் சில மழைக்காலங்களுக்குப் பயனில்லை.

அதன்பிறகுதான் பரிசு உண்மையில் தொடங்குகிறது. சாவி ஆட்டக்காரர்கள் கையில் இருக்கிறது. குடம் சுமந்து தொலைவுக்கு நடக்கும் பெண்கள் ஒருபுறம் நிற்கிறார்கள், நீரை விலைக்கு விற்க நினைக்கும் படகு முதலாளி மறுபுறம் நிற்கிறார். முதலாளி நல்ல தொகை தருவார், ஆனால் அவர் அதிகமாக இறைப்பார், ஓராண்டில் ஊற்று உவர்ந்துபோகும். ஊரிடம் கொடுத்தால் காசு வராது. அடுத்த முறை புயலில் சிக்கும்போது வள்ளத்தோடு வந்து காப்பாற்ற ஓர் ஊர் இருக்கும். இந்த முடிவை ஆட்டத்தின் கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கு விட்டுவையுங்கள். அவசரத்தில் அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளினால் சூடு ஆறிவிடும்.

நேரம் குறைவாக இருந்தால், இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால், ஒரே நீர் அமைப்பிலிருந்து சாளரங்களை எடுத்துவிட்டுச் சங்கு மாடங்களும் மடையும் மட்டும் வையுங்கள், குழியின் கொள்ளளவை இரண்டு படியாகக் குறையுங்கள். முதல் இறக்கத்துக்கு ஒரு படி, ஒரு பிழைக்கு ஒரு படி. சாவி கிடைத்ததும் மட்டம் கணுக்காலிலேயே நிற்கும் என்பதால் கதவுக்காகத் தனியாக இறக்க வேண்டியதில்லை. இந்தச் சிறிய வடிவத்தில் ஏற்ற வேண்டிய அவசியம் போய்விடுவதால் தவறான சங்கை எடுப்பதும் கடல் கல்லைத் தவறித் தூக்குவதும் மட்டுமே ஆபத்தாக மிஞ்சும். கடல் கல்லை எளிதில் அடையாளம் காணாதிருக்கக் கொட்டலசுத் துப்பைச் சற்று மறைத்து வைக்கலாம்: இரண்டு கற்களும் சேற்றுக்குள் புதைந்திருக்கட்டும், கையால் தடவிப் பார்ப்பவருக்கு மட்டும் அது சொரசொரவென்று தட்டுப்படட்டும்.